ஊசிக்குக் ‘காயக்கட்டு’ என்று பொருள் வந்தால்

கோவையில் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனி போக நினைப்பவர்களுக்குப் பெரிய மலை, மொழித் தேர்வுதான். அங்கே செவிலியராகப் பதிவுபெற பொதுவாக பி2 நிலை வரை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சொற்கள். இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று அச்சிட்ட பட்டியலைப் போனில் படமெடுத்து, `Anki` செயலியில் மனப்பாட அட்டைகளாக ஏற்றுவது நல்ல வழி. ஆனால் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் பட்டியல் தடம் புரண்டுவிடும்.

முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுத்தாக மாற்றினால், கூகுள் லென்ஸ் போன்ற கருவிகள் சில நேரம் குறுக்காகப் படிக்கும், சில நேரம் ஒரு பத்தியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். அதனால் படத்தை நெடுக்காக இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பத்தியையும் தனியாக நகலெடுங்கள். கூகுள் ஷீட்ஸில் ஜெர்மன் A பத்தியில், தமிழ் B பத்தியில் போகட்டும்.

இனிதான் ஆபத்து. `die Notaufnahme` என்றால் ‘அவசர சிகிச்சைப் பிரிவு’. புத்தகத்தில் இடம் போதாமல் ‘பிரிவு’ அடுத்த வரிக்கு இறங்கியிருக்கும். கருவிக்கு அது புது வரி. அடுத்த சொல்லான `der Verband` (காயக்கட்டு) பக்கத்தில் ‘பிரிவு’ வந்து உட்காரும். அதற்கடுத்த `die Spritze` (ஊசி) பக்கத்தில் ‘காயக்கட்டு’. எல்லாமே மருத்துவமனைச் சொற்கள் என்பதால் பார்வைக்கு எந்தச் சந்தேகமும் வராது. இடப்பக்கம் 24 வரி, வலப்பக்கம் 25 என்றால் இதுதான் நடந்திருக்கிறது. மிச்சத் துண்டை மேல் கட்டத்தோடு சேர்த்துவிட்டு, துண்டு இருந்த கட்டத்தை மட்டும் நீக்கிக் கீழே உள்ளவற்றை மேலே ஏற்றுங்கள். எண்ணிக்கை பொருந்தினாலும் உடனே நம்பிவிட வேண்டாம்: வலப்பக்கம் ஒரு வரி உடைந்து, இடப்பக்கம் ஒரு வரி இரண்டானால் கணக்கு நேராகத்தான் இருக்கும்.

அடுத்த சிக்கல் எழுத்தின் தலையில் இருக்கும் இரட்டைப் புள்ளி. `schön` என்றால் அழகான. புள்ளி விழுந்து `schon` ஆனால் ‘ஏற்கெனவே’. இரண்டும் சரியான சொற்களே என்பதால் எழுத்துப்பிழை திருத்தி கண்டுகொள்ளாது. `schon` ஏற்கெனவே உங்கள் அட்டைகளில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். முதல் பத்தி ஒத்துப்போனால் `Anki` வழக்கமாகப் பழைய அட்டையைத்தான் புதுப்பிக்கும், பழைய பொருள் அழிந்துபோகும்.

ஜெர்மன் பட்டியலில் பன்மையைக் காற்புள்ளி போட்டுத்தான் எழுதுவார்கள். ஆகவே காற்புள்ளியால் பிரிக்கும் கோப்பைவிட டேப்பால் பிரிக்கும் கோப்பே வசதி. ஷீட்ஸில் `.tsv` ஆகப் பதிவிறக்கி, தலையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்:

```
#separator:tab
die Spritze, Spritzen	ஊசி
der Verband, Verbände	காயக்கட்டு
schön	அழகான
```

எக்செல் பயன்படுத்துவோர் சாதாரண `CSV` ஆகச் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். `CSV UTF-8` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது காற்புள்ளிக் கோப்பு என்பதால் மேலே சொன்ன தலைவரி அதற்குத் தேவையில்லை.

ஏற்றுவதற்கு முன் முதல் வரி, கடைசி வரி, பொருள் இரண்டு வரிக்கு மடங்கிய ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்த வரி ஆகியவற்றைப் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள். தவறு அட்டைக்குள் போய்விட்டால் அதைத்தான் தினமும் மனப்பாடம் செய்வீர்கள்.