மடக்கும் கையும் நான்கு கட்டமும்

அண்ணன் மகள் முதலாண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். மேல்கைத் தசைகள் பற்றி ஒரு மணி நேரம் நடந்த வகுப்பை ஒன்பது பக்கம் எழுதி வைத்திருந்தாள். "இதை டேபிளாப் போட்டுட்டேன் சித்தப்பா, சரியான்னு பாருங்க" என்று நீட்டினாள். உடற்கூறியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

தசைக்கு நான்கு கட்டம் போடுவது வழக்கம். தசை கிளம்பும் இடம் ஆரிஜின், போய் ஒட்டும் இடம் இன்செர்ஷன், அது செய்யும் வேலை ஆக்‌ஷன், அதை இயக்கும் நரம்பு நெர்வ் சப்ளை. பைசெப்ஸுக்கு அவள் எழுதியிருந்தது: தோள்பட்டை, முழங்கை, மடக்குதல், மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு.

தப்பில்லை. ஆனால் உபயோகமும் இல்லை. முழங்கை என்பது மூட்டு. தசை ஒட்டுவது எலும்பில், அதிலும் ஒரு குறிப்பிட்ட மேட்டில். அதேபோல் 'மடக்குதல்' என்றால் எந்த மூட்டை? மூட்டின் பெயர் இல்லாத ஆக்‌ஷன், ஊர் பெயர் இல்லாத பஸ் போர்டு மாதிரி.

பைசெப்ஸுக்கு இரண்டு தலை. ஒன்று தோள்பட்டை எலும்பின் முன்னால் காக்கை மூக்குபோல வளைந்திருக்கும் கோரகாய்டு முனையில் தொடங்குகிறது. மற்றது தோள் குழிக்கு நேர் மேலே உள்ள சிறு புடைப்பில். இரண்டும் சேர்ந்து இறங்கி, முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸின் மேட்டில் ஒட்டுகின்றன. மேல்கை எலும்பில் அது எங்குமே ஒட்டவில்லை, தாண்டிப் போய்விடுகிறது. இதைச் சரியாக எழுதிவிட்டால் மூன்றாவது கட்டத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தோளைத் தாண்டுகிறது, ஆகவே தோளை லேசாக முன்னே தூக்கும். முழங்கையைத் தாண்டுகிறது, ஆகவே அதை மடக்கும். ஒட்டியிருக்கும் ரேடியஸ் உருளக்கூடிய எலும்பு. உள்ளங்கை கீழே பார்க்கும்போது தசைநாண் அதைச் சுற்றிக்கொள்ளும். இழுத்தால் எலும்பு திரும்பி உள்ளங்கை மேலே வரும்.

"வலது கையை முழங்கையில மடக்கி, உள்ளங்கையைக் கீழ பாக்க வை. இடது கையால பைசெப்ஸைப் பிடிச்சுக்கோ. இப்ப திருப்பு" என்றேன். கைக்குள் தசை திரண்டதும் சிரித்துவிட்டாள். வலது கைக்காரர் திருப்புளியால் ஆணியை முறுக்கி ஏற்றும்போது உழைப்பதும் இதே தசைதான்.

அதன் அடியில் இருக்கும் பிராக்கியாலிஸ் சுண்டுவிரல் பக்க எலும்பான அல்நாவில் ஒட்டுகிறது. அல்நா உருளாது, கதவுக் கீல்போல மடங்கி நிமிரும், அவ்வளவே. அதனால் பிராக்கியாலிஸுக்கு ஒரே வேலை. உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தாலும் முழங்கையை மடக்கும்.

நரம்புக் கட்டத்தில் இன்னொரு சிக்கல். மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு கோரகோபிராக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு போகிறது என்று ஆசிரியர் சொன்னதையும் அதற்குள்ளேயே திணித்திருந்தாள். துளைப்பது வழி, ஊட்டுவது வேலை. வழியை டேபிளுக்குக் கீழே குறிப்பாக எழுதச் சொன்னேன். திருத்திய பிறகு டேபிள் இப்படி ஆயிற்று:

| தசை | ஆரிஜின் | இன்செர்ஷன் | ஆக்‌ஷன் | நரம்பு |
|---|---|---|---|---|
| பைசெப்ஸ் | கோரகாய்டு முனை. தோள் குழிக்கு மேல் புடைப்பு | ரேடியஸ் மேடு | முழங்கையை மடக்கும். உள்ளங்கையை மேலே திருப்பும் | மஸ்குலோகியூட்டேனியஸ் |
| பிராக்கியாலிஸ் | மேல்கை எலும்பின் முன்புறக் கீழ்ப்பாதி | அல்நாவின் மேல்முனை, முன்புறம் | முழங்கையை மடக்கும் | மஸ்குலோகியூட்டேனியஸ் |
| கோரகோபிராக்கியாலிஸ் | கோரகாய்டு முனை | மேல்கை எலும்பின் நடு, உட்புறம் | தோளில் கையை முன்னே தூக்கும், உடலோடு சேர்க்கும் | மஸ்குலோகியூட்டேனியஸ் |

பிராக்கியாலிஸின் வெளி ஓரத்துக்கு ரேடியல் நரம்பிலிருந்தும் சிறு கிளை வருவதுண்டு. அதை ஓரமாகக் குறித்துக்கொண்டாள்.

டேபிளைக் குறுக்காகப் படித்தால் தசை தெரியும். நரம்புக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்தால் நோயாளி தெரிவார். "அக்குள் பக்கம் கத்திக் குத்து, அந்த நரம்பே அறுந்துபோச்சு. முழங்கை மடங்குமா?" என்று கேட்டேன். மூன்று வரியையும் பார்த்துவிட்டு, "மடங்காது" என்றாள்.

மடங்கும், பலமில்லாமல். கட்டைவிரலை மேலே வைத்துக்கொண்டு மெல்ல மடக்குவார். அதைச் செய்வது பிராக்கியோரேடியாலிஸ். மேல்கை எலும்பின் வெளிப்பக்க ஓரத்தில் கிளம்பி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸில் ஒட்டும் தசை. அதற்கு ரேடியல் நரம்பு. அறுந்ததோ வேறு.

"அது மேல்கை வகுப்புல வரலையே சித்தப்பா. முன்கை அடுத்த வாரம்தான்."

அதுதான் சங்கதி. வகுப்பு பகுதி பகுதியாகப் போகிறது, மூட்டு அப்படிப் பார்ப்பதில்லை. ஒன்பது பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, டேபிளின் அடியில் ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு வரி இழுத்தாள். நரம்புக் கட்டத்தில் மட்டும் 'ரேடியல்' என்று எழுதினாள். மற்றவை அடுத்த வாரத்துக்காகக் காலியாகவே இருக்கின்றன.