13 (ஆ), ஒன்பதாம் பக்கம்: மறுமதிப்பீட்டுக்கு ஒரு கடிதம்

காஞ்சிபுரத்தில் தேர்வுத் தாள் திருத்தியதில் பிழை என்று புகார் எழுத உட்காரும் மாணவர் முதலில் யோசிக்க வேண்டியது, கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதைத்தான். ஒரே ஊரில் மூன்று வகை விலாசங்கள் உண்டு. காரைப்பேட்டையில் இருக்கும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. பச்சையப்பன் ஆடவர் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழக இணைப்பில் இயங்குவது. ஏனாத்தூரில் இருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தேர்வைத் தானே நடத்தித் தானே திருத்துகிறது. முதல் இரண்டில் படிப்பவருக்குத் தாளைத் திருத்தியது தன் கல்லூரி அல்ல. தன் கல்லூரி முதல்வரிடம் போய்ச் சண்டை போட்டால், அவர் கையில் மதிப்பெண் பட்டியல் தவிர வேறு எதுவும் இருக்காது. கடிதம் முதல்வர் மூலமாக, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போக வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்தப் பயணத்தைத் தெளிவாகவே வகுத்திருந்தன. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் விடைத்தாளின் ஜெராக்ஸ் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரதி வந்ததும், அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் அதைத் திருத்தி, கேள்விவாரியாக மதிப்பெண் பிரித்து எழுதி, மறுமதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பரிந்துரை இருந்தால்தான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். ஒரே நேரத்தில் ஐந்து பாடங்களுக்கு மேல் கேட்க முடியாது. செய்முறைத் தேர்வுக்கும் புராஜெக்ட்டுக்கும் இந்த வழியே கிடையாது.

மாணவர்கள் ‘ரீவேல் போடுவது’ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த வேலையில் ஜெராக்ஸ் பிரதிதான் உயிர்நாடி. காரணம், அந்த விதிமுறைகளின் கீழ் முடிவு வந்தபோது திரையில் தெரிந்தது RA என்ற இரண்டே எழுத்து. மறுபடி எழுது என்று பொருள். எத்தனை மதிப்பெண்ணில் விழுந்தோம், எந்தக் கேள்வியில் விழுந்தோம் என்று அதில் ஒன்றும் தெரியாது. பிரதி கைக்கு வரும்வரை மாணவரிடம் இருப்பது சந்தேகம் மட்டுமே.

பிரதியை எப்படிப் படிப்பது? ஒரு கற்பனைத் தாளை எடுத்துக்கொள்வோம். அந்த விதிமுறைப்படி வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, 13 மதிப்பெண் கேள்விகள் ஐந்து, 15 மதிப்பெண் கேள்வி ஒன்று, மொத்தம் 100. ஒரு மாணவிக்கு 42 வந்திருக்கிறது. அகமதிப்பீட்டில் 20க்கு 14. தேர்ச்சிக்கு இரண்டு வேலிகளைத் தாண்ட வேண்டும்: எழுத்துத் தேர்வில் குறைந்தது 45, எல்லாம் சேர்த்து 50. எழுத்துத் தேர்வின் 42 மதிப்பெண்ணை 80க்கு மாற்றினால் 33.6, அகமதிப்பீட்டைக் கூட்டினால் 47.6. இரண்டு வேலியிலும் அவர் தடுக்கி நிற்கிறார்.

இப்போது பக்கம் பக்கமாகப் போக வேண்டும். முதலில், உள்ளே ஒவ்வொரு விடைக்கும் ஓரத்தில் போட்ட மதிப்பெண்ணும் முகப்புக் கட்டத்தில் ஏறிய மதிப்பெண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். அடுத்து, முகப்பில் இருப்பவற்றைக் கூட்டினால் 42 வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால், மூன்றாவதாக, திருத்தியவரின் பேனா தொடாத விடை ஏதாவது உண்டா என்று தேட வேண்டும். நம் மாணவி 13 (ஆ) கேள்வியின் முதல் பகுதியை எட்டாம் பக்கத்தில் எழுதி, படம் வரைந்து, இரண்டாம் பகுதியை ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கியிருக்கிறார். எட்டாம் பக்கத்தில் மதிப்பெண் இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் சிவப்பு மையின் சுவடே இல்லை. படத்தோடு விடை முடிந்துவிட்டது என்று நினைத்து, திருத்தியவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அந்தப் பகுதிக்கு ஐந்து மதிப்பெண். பாட ஆசிரியர் கறாராகத் திருத்தி நான்கு போடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். 42, 46 ஆகிறது. 80க்கு மாற்றினால் 36.8, அகமதிப்பீட்டோடு 50.8. இரண்டு வேலியும் தாண்டியாயிற்று.

ஆகவே கடிதத்தின் நடுப்பத்தியில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: “விடைத்தாளின் 9ஆம் பக்கத்தில் வினா 13 (ஆ) இரண்டாம் பகுதிக்கு நான் எழுதியிருக்கும் விடை மதிப்பிடப்படவில்லை. அதற்குரிய 5 மதிப்பெண்ணில் எதுவும் முகப்புப் பக்கத்தில் ஏறவில்லை. பாட ஆசிரியரின் கேள்விவாரி மதிப்பெண் பட்டியலை இணைத்துள்ளேன்.” மேலே பதிவெண், பாடக் குறியீடு, தேர்வு நடந்த மாதம், ஆண்டு. கீழே இணைப்புகளின் பட்டியல்: விடைத்தாள் பிரதி, வினாத்தாள், ஆசிரியரின் பரிந்துரை, கட்டண ரசீது. “இரவு பகலாகப் படித்தேன்”, “மற்ற பாடங்களில் எல்லாம் நல்ல மதிப்பெண்” என்ற வரிகள் உண்மையாகவே இருந்தாலும், தாளை மறுபடி எடுத்துப் பார்ப்பவருக்கு அவற்றால் பயனில்லை. பட்டுச் சேலையில் இழை அறுந்த இடத்தை விரல் வைத்துக் காட்டுவது போல, பிழை இருக்கும் இடத்தைக் கடிதம் காட்ட வேண்டும்.

பிழை என்பது வேறு, கருத்து வேறுபாடு என்பது வேறு. விடப்பட்ட விடையும் தப்பான கூட்டலும் யார் பார்த்தாலும் பிழை. “இந்த விடைக்கு ஏழு போட்டிருக்கிறார், ஒன்பது போட்டிருக்கலாம்” என்பது இரண்டு ஆசிரியர்களின் மனக்கணக்குக்கு நடுவே இருக்கும் இடைவெளி. அதைச் சாதிக்க, விடையில் வினா கேட்ட எல்லாப் படிகளும் இருக்கின்றன என்று ஆசிரியர் படிப்படியாகக் காட்ட வேண்டியிருக்கும்.

விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமைதான் என்பதை உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9ஆம் தேதி, சிபிஎஸ்இ தொடர்பான வழக்கில் உறுதிசெய்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மதிப்பிடப்பட்ட தன் விடைத்தாளைத் தேர்வர் பார்வையிடலாம், பிரதியும் பெறலாம் என்றது. ஆனால் திருத்தியவரின் பெயர் கிடைக்காது. அந்தச் சட்டத்தைக் காட்டி மறுமதிப்பீடு கேட்கவும் முடியாது. அதற்குத் தேர்வு நடத்தும் அமைப்பின் விதியில் இடம் இருக்க வேண்டும்.

கவனக்குறைவு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2019இல் தெலங்கானா இன்டர்மீடியட் தேர்வு காட்டியது. ஒரு மாணவிக்குத் தெலுங்குப் பாடத்தில் பூஜ்யம் என்று முடிவு வந்தது. தாளை மறுபடி பார்த்தபோது அவர் வாங்கியிருந்தது 99.

அதற்கு நேர்மாறான கதை தமிழ்நாட்டில் நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்-மே தேர்வுக்குப் பிறகு 3,02,380 பேர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். 73,733 பேர் தேர்ச்சி பெற்றார்கள். 16,636 பேருக்கு மதிப்பெண் உயர்ந்தது. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டினார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில், லஞ்ச ஒழிப்புத் துறை 2018 ஆகஸ்டில் முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உட்படப் பத்துப் பேர் மீது வழக்குப் பதிந்தது. திண்டிவனத்தில் இருந்த மதிப்பீட்டு மையம் விசாரணையின் மையத்துக்கு வந்தது. நேர்மையாக மதிப்பெண் கூடிய மாணவர்களின் தாள்களும் அதே எண்ணிக்கைக்குள்தான் இருந்தன. பக்க எண்ணோடும் ஆசிரியரின் மதிப்பெண் பட்டியலோடும் போன விண்ணப்பம், அப்படிப்பட்ட நேரத்தில் கூடிய மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்லும் ஆவணமாகவும் ஆகிறது.

மறுமதிப்பீட்டிலும் திருப்தி இல்லையென்றால் ‘ரிவ்யூ’ என்ற இன்னொரு படி உண்டு. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் மட்டுமே அதைக் கேட்க முடியும்; அதற்குத் தனிக் கட்டணம், தனிக் கெடு. இதற்கிடையில் அடுத்த செமஸ்டரின் அரியர் கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்துவிடுவதும் உண்டு. ரீவேல் முடிவுக்காகக் காத்திருந்து அந்தத் தேதியைக் கோட்டைவிட்டவர், முடிவு பாதகமாக வந்தால் அடுத்த வாய்ப்பையும் சேர்த்து இழப்பார். விவரம் தெரிந்த சீனியர்கள் ஜூனியர்களிடம் அரியருக்கும் பணம் கட்டிவிடச் சொல்வதும், கல்லூரி அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுக்கும்போதே நகலில் தேதியும் முத்திரையும் வாங்கச் சொல்வதும் இதனால்தான்.