ஊறுகாய்: பெயரும் செயலும்

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் நாம் வாங்கும் மாங்காய் ஊறுகாயின் பெயரிலேயே அதன் செய்முறை அடங்கியுள்ளது. ‘ஊறுதல்’ என்பதற்குச் சுரத்தல், தோய்தல் என இரு பொருள்கள் உண்டு. சாடிக்குள் இரண்டும் நிகழ்கின்றன. ஒரு கிலோ மாங்காய்த் துண்டுகளில் 200 கிராம் உப்பைப் பிசறிவைத்தால், மறுநாளே காயின் நீர் வெளியே சுரக்கும். பின்னர் அந்த உப்புநீரிலேயே காய் தோயும். உப்பு பிணித்துக்கொண்ட நீரை நுண்ணுயிர்களால் பயன்படுத்த இயலாது. மாங்காயின் புளிப்பும் அவற்றைத் தடுக்கும். அச்சாரில் அப்புளிப்பை வினிகர் தருகிறது.

மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றை விலக்குமேயன்றிக் கிருமிகளைக் கொல்லாது. ஈரக்கரண்டி பட்டு உப்பு நீர்த்தால் தோன்றும் வெண்பூஞ்சையைக் கண் காணும். ஆனால், உப்பும் புளிப்பும் குறைந்த காயை எண்ணெயில் மூழ்கவைத்தால், காற்றில்லா இடத்தில் வளரும் கிருமி நஞ்சை உண்டாக்கக்கூடும். அதனைக் கண்ணும் மூக்கும் அறியா.