மக்கில் முகம் எங்கே விழும்?

மக்கில் அச்சிட டிசைனை நீளமான பட்டையாகத்தான் தயாரிக்கிறோம். வழக்கமான 11 அவுன்ஸ் மக்கின் விட்டம் சுமார் 82 மி.மீ.; சுற்றளவு 257. கைப்பிடிக்கு இடம் விட்டால், அச்சுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 200 மி.மீ. நீளம், 90 மி.மீ. உயரம்.

பலரும் புகைப்படத்தைப் பட்டையின் நட்டநடுவில் வைத்துவிடுகிறார்கள். நடுப்பகுதி விழுவது கைப்பிடிக்கு நேர் எதிரே. வலக்கையில் பிடித்துக் குடிப்பவர் கண்ணுக்கு அது ஓரமாகத்தான் தெரியும். அவர் பார்க்கும் பக்கத்தின் மையம் கைப்பிடியிலிருந்து கால் சுற்று, அதாவது 64 மி.மீ. அதில் கைப்பிடிக்காக விட்ட 28-ஐக் கழித்தால் 36. பட்டையின் வலது ஓரத்திலிருந்து 36 மி.மீ. உள்ளே முகத்தின் மையம் அமையட்டும். படத்தின் அகலம் 60 மி.மீ.யைத் தாண்ட வேண்டாம். ஓரத்தில் 6 மி.மீ. மிஞ்சும்.

அந்த இடைவெளி அவசியம். தாளைச் சுற்றி ஒட்டும்போது ஓரிரு மி.மீ. நகர்வது சகஜம். மேல் விளிம்பிலும் அடியிலும் ஹீட் பிரஸ்ஸின் அழுத்தம் குறைவு. அங்கே நிறம் வெளிறும். எழுத்தும் முகமும் நான்கு பக்கமும் 5 மி.மீ.யாவது உள்ளே நிற்கட்டும். பின்னணி நிறம் மட்டும் விளிம்புவரை போகலாம். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் கோடு போடாதீர்கள்: துளி சாய்ந்தாலும் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.