வரிசையில் பொறுமை இழப்பது யார்?

பங்கு விலை அடுத்து எந்தப் பக்கம் நகரும் என்பதற்கு வியாபாரத் திரையின் ஐந்து வரிகளில் தடயம் இருக்கிறது. அதன் ஆயுள் சில நொடிகள்தான்.

மும்பை தலால் தெருவில் ஒரு காலத்தில் நெருக்கடியைக் காதால் கேட்கலாம். வியாபாரக் கூடத்தில் வாங்குபவர்களின் கூச்சல் ஓங்கினால் விலை ஏறப்போகிறது என்று ஜாபர்கள் முடிவு கட்டுவார்கள். வாங்கும் எண்ணமே இல்லாமல் கத்துபவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை பங்கு வியாபாரத்தைத் திரையில் தொடங்கியது. 1995-ல் மும்பைப் பங்குச் சந்தையும் திரைக்கு மாறியது. கூச்சல் அடங்கிவிட்டது. அதன் இடத்தில் இன்று இருப்பது எண்கள்: வாங்கக் காத்திருப்பவர்களின் மிகச் சிறந்த ஐந்து விலைகள், விற்கக் காத்திருப்பவர்களின் ஐந்து விலைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு, எத்தனை ஆர்டர். தரகர்கள் இதை 'மார்க்கெட் டெப்த்' என்பார்கள். கத்தும் பொய்யர்கள் இங்கும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். 400 ரூபாய்க்கு வாங்க 9,000 பங்குக்கு ஆர்டர்கள் காத்திருக்கின்றன. 400.05-க்கு விற்க வெறும் 1,000 பங்குதான் இருக்கிறது. இந்த விலையிலுள்ள பங்கு குறைந்தபட்சம் 5 காசுதான் நகர முடியும் என்பதால் இரண்டுக்கும் நடுவே வேறு விலை இல்லை. வாங்கும் அளவிலிருந்து விற்கும் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 8,000-ஐ 10,000-ஆல் வகுக்க வேண்டும், விடை 0.8. இந்த எண் +1-ஐ நெருங்கினால் வாங்கும் பக்கம் கனம், -1-ஐ நெருங்கினால் விற்கும் பக்கம் கனம், பூஜ்யம் என்றால் சமநிலை.

கனமான பக்கம் ஏன் விலையைத் தள்ளுகிறது? ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது புரியும். ஒரே விலையில் முதலில் வந்த ஆர்டருக்கே முதல் மரியாதை. 400 ரூபாயில் புதிதாகச் சேருபவருக்கு முன்னால் 9,000 பங்குகள் நிற்கின்றன. அத்தனையும் விற்பனையாகி முடிந்த பிறகுதான் அவர் முறை வரும். எதிர்ப்பக்கத்திலோ 1,000 பங்கு போனால் அந்த விலையே காலி. அவசரக்காரர் வரிசையை விட்டு வெளியேறி 5 காசு கூடுதலாகக் கொடுத்து எடுத்துக்கொள்கிறார். நாலு பேர் அப்படிச் செய்தால் விலை ஒரு படி ஏறிவிடும்.

அந்த ஒரு படிக்குப் பிறகு என்ன? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 400.05 காலியானதும் அங்கே புதிய வாங்கும் வரிசை உருவாகிறது. 1,500 பங்கு சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த விற்பனை விலையான 400.10-ல் 5,000 பங்கு காத்திருக்கிறது. இப்போது கணக்குப் போட்டால் -0.54. ஒரு நொடி முன்பு 'ஏறும்' என்ற திரை இப்போது 'இறங்கும்' என்கிறது. இரண்டு முறையும் அது பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த ஒரு படியைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது.

மார்ட்டின் கௌல்ட், ஜூலியஸ் போனார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையின் பத்துப் பங்குகளை வைத்து 2016-ல் வெளியிட்ட ஆய்வும் இந்த ஒரு படியைத்தான் அளந்தது. முதல் வரியின் ஏற்றத்தாழ்வுக்கும் அடுத்த நகர்வின் திசைக்கும் தொடர்பு இருப்பதை அவர்கள் கண்டார்கள். விலையோடு ஒப்பிடும்போது படி பெரிதாக இருக்கும் பங்குகளில், அதாவது ஒவ்வொரு விலையிலும் நீண்ட வரிசை சேரும் பங்குகளில், தொடர்பு வலுவாக இருந்தது. படி சிறிதான பங்குகளில் அது பலவீனம்.

திரையின் அடியில் வரும் 'மொத்த வாங்கும் அளவு', 'மொத்த விற்கும் அளவு' என்ற இரண்டு எண்களைப் பார்த்தே பல சிறு வியாபாரிகள் முடிவெடுக்கிறார்கள். அதில் 360 ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்கலாம் என்று போட்டுவைத்த ஆர்டரும் சேர்ந்திருக்கும். அதற்கும் அடுத்த 5 காசுக்கும் சம்பந்தமில்லை.

முதல் வரியையாவது அப்படியே நம்பலாமா? தேசியப் பங்குச் சந்தையில் ஆர்டர் போடுபவர் முழு அளவையும் காட்ட வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கைக் காட்டினால் போதும். திரையில் தெரிந்த அந்த 1,000 பங்குக்குப் பின்னால் இன்னும் 9,000 மறைந்திருக்கலாம். அப்படியானால் உண்மைக் கணக்கு 9,000-க்கு 10,000. கணக்குப் போட்ட 0.8 மாயம்! இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அந்த நாளின் வியாபார அளவைக் கவனிக்க வேண்டும். 400.05-ல் 4,000 பங்கு கைமாறிய பிறகும் அதே விலையில் 1,000 நின்றுகொண்டே இருந்தால், யாரோ உள்ளேயிருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் அதே சோதனைதான். வாங்கும் பக்கத்து 9,000 திடீரென்று 2,000 ஆகிறது. வியாபார அளவோ 500 மட்டுமே கூடியிருக்கிறது. மீதி 6,500 பங்கு விற்பனையாகவில்லை, ஆர்டர்கள் ரத்தாகிவிட்டன. அந்த 9,000 பங்கும் அறுபது ஆர்டராக இருந்ததா, ஒரே ஆர்டராக இருந்ததா என்பதைப் பக்கத்து எண் சொல்லும். ஒரே ஆர்டர் என்றால் ஒருவர் மனம் மாறினால் போதும். மாறுவதற்கென்றே வந்த மனமாகவும் இருக்கலாம்.

இப்படி ஏமாற்றுவதற்கு 'ஸ்பூஃபிங்' என்று பெயர். மிகப் பிரபலமான வழக்கு லண்டனின் ஹௌன்ஸ்லோவில் பெற்றோர் வீட்டிலிருந்து வியாபாரம் செய்த நவீந்தர் சிங் சராவோவுடையது. அமெரிக்கக் குறியீட்டு ஒப்பந்தங்களில் நடப்பு விலைக்குச் சில படிகள் தள்ளிப் பெரிய விற்பனை ஆர்டர்களை வைப்பார். விலை நெருங்கினால் அவை தாமாகவே விலகும்படி கணினி நிரல் இருந்தது. ஏற்றத்தாழ்வைப் படித்தவர்கள் மிரண்டு விற்றார்கள். 2015-ல் கைதான அவர் 2016-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2020-ல் ஓராண்டு வீட்டுக் காவல் கிடைத்தது. இந்தியாவிலும் 2025 ஏப்ரலில் செபி இதே குற்றச்சாட்டில் ஒரு தரகு நிறுவனத்தின் மீது இடைக்கால உத்தரவு போட்டு 3.22 கோடி ரூபாயை முடக்கியது. 173 பங்குகளில் இந்த வேலை நடந்ததாக அந்த உத்தரவு சொன்னது.

மோசடியே இல்லாத நாளிலும் கணக்கு இடிக்கும். அன்றே வாங்கி அன்றே விற்பவர் விற்பனைத் தொகையில் 0.025 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி கட்ட வேண்டும். 400 ரூபாய் பங்குக்கு அது 10 காசு. திரை சரியாகச் சொன்ன ஒரு படியின் மதிப்பு 5 காசு. தரகும் மற்றக் கட்டணங்களும் தனி. போதாததற்கு, சாதாரண வியாபாரியின் திரை சந்தையின் ஒவ்வொரு அசைவையும் காட்டுவதில்லை. இடைவெளி விட்டு எடுத்த படங்களையே காட்டுகிறது. சந்தைக் கட்டடத்திலேயே கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு ஆர்டரும் போய்ச் சேரும். சிறு வியாபாரி 0.8-ஐப் பார்க்கும்போது அந்த 1,000 பங்கு ஏற்கெனவே கைமாறியிருக்கும்.

எப்படியும் வாங்கத்தான் போகிறேன் என்று முடிவு செய்தவருக்கு இந்த எண் வேறு வகையில் உதவும். 200 பங்கு தேவை என்றால் 9,000 பங்குக்குப் பின்னால் போய் நிற்பதா, 400.05 கொடுத்து எடுப்பதா? ஏற்றத்தாழ்வு 0.8 என்றால் எடுத்துவிடலாம். நின்றால் பெரும்பாலும் 400.10-க்கோ அதற்கு மேலோ துரத்த வேண்டியிருக்கும். எண் -0.5 என்றால் அவசரமே வேண்டாம்; 400-லேயே காத்திருக்கலாம், விற்பவர் இறங்கி வருவார். 200 பங்குக்கு லாபம் 10 ரூபாய். 2 லட்சம் பங்கைச் சிறு துண்டுகளாக நாள் முழுவதும் வாங்கும் பரஸ்பர நிதியின் டீலருக்கு அதுவே 10,000 ரூபாய் வரை போகும்.