தீபாவளித் தேதியைக் குறிக்கும் அமாவாசை

2025ஆம் ஆண்டு தீபாவளியின்போது பெங்களூருவில் வங்கிக்குச் சென்ற பலருக்கும் ஓர் ஐயம் எழுந்திருக்கும். அக்டோபர் 20, திங்கட்கிழமை, நரக சதுர்த்தசிக்காக விடுமுறை. 22, புதன்கிழமை, பலிபாட்யமிக்காக விடுமுறை. இடைப்பட்ட செவ்வாய்க்கிழமை மட்டும் வேலைநாள். நாட்காட்டியில் அமாவாசை என்று குறிக்கப்பட்டிருந்ததோ அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான். அமாவாசையை ஒட்டி வரும் பண்டிகைக்கு அமாவாசையன்று விடுமுறை இல்லாதது ஏன்?

விடை திதி என்னும் கணக்கில் இருக்கிறது. வானில் சந்திரன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 பாகை நகர்கிறது. சூரியன் ஒரு பாகை நகர்வதாகத் தோன்றுகிறது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான தொலைவு நாளொன்றுக்குச் சுமார் 12 பாகை மாறுகிறது. இந்த 12 பாகையே ஒரு திதி. சூரியனை நெருங்கி வரும் சந்திரன் கடைசி 12 பாகையைக் கடக்கும் நேரம் அமாவாசைத் திதி. இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் சேரும் கணத்தில் அத்திதி முடிகிறது. அதற்கு முந்தைய 12 பாகை சதுர்த்தசி.

திதிக்கு நள்ளிரவும் தெரியாது, சூரிய உதயமும் தெரியாது. அது பகலிலோ இரவிலோ எந்நேரமும் தொடங்கலாம். அதன் நீளமும் ஒரே அளவாக இருப்பதில்லை. சந்திரன் பூமியிலிருந்து விலகியிருக்கும்போது மெதுவாகச் செல்வதால் திதி நீளும். 2025இல் அதுவே நேர்ந்தது. அமாவாசைத் திதி அக்டோபர் 20 பிற்பகல் 3.44 மணிக்குத் தொடங்கி, மறுநாள் மாலை 5.54 வரை, 26 மணி நேரத்துக்கும் மேலாக நீடித்தது.

இனி ஒவ்வொரு சடங்கும் எந்த வேளையைக் கேட்கிறது என்று பார்ப்போம். தமிழர் தீபாவளியின் உயிர்நாடி விடியற்கால எண்ணெய்க் குளியல். அவ்வேளையில் சதுர்த்தசி இருக்கவேண்டும். 20ஆம் தேதி விடியலில் சதுர்த்தசி இருந்தது. ஆகவே அன்றே தீபாவளி. இலட்சுமி பூஜைக்கு அந்தி வேளையில் அமாவாசை வேண்டும். அதுவும் 20ஆம் தேதி மாலையிலேயே அமைந்துவிட்டது. 21ஆம் தேதி பெங்களூருவில் சூரியன் மறைந்தது சுமார் 5.58 மணிக்கு; அதற்குச் சற்று முன்பே அமாவாசை முடிந்துவிட்டது. பலிபாட்யமிக்கு உதய வேளையில் பிரதமை வேண்டும். அது 22ஆம் தேதிதான் கிட்டியது. நடுநாள் இவ்வாறு தனித்து நின்றது.

சில நிமிடங்களில் முடிவு தொங்கும்போது பஞ்சாங்கங்கள் வேறுபடுவது இயல்பு. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரம் முன்பின்னாக வரும்; வேளையைத் தீர்மானிக்கும் விதிகளும் மரபுக்கு மரபு மாறும். மும்பையில் அவ்வாண்டு வங்கி விடுமுறை 21, 22 தேதிகளில் அமைந்தது.

நாள் புரிந்தது; ஆண்டுதோறும் தேதி நகர்வது ஏன்? ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்கு 29.53 நாள். பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாளே ஆகும். நமது ஆங்கில ஆண்டைவிட 11 நாள் குறைவு. எனவேதான் 2024இல் அக்டோபர் 31 அன்று வந்த தீபாவளி, 2025இல் அக்டோபர் 20க்கு முந்தியது.

இவ்வாறே முந்திக்கொண்டிருந்தால் 2026இல் தீபாவளி அமாவாசை அக்டோபர் 10 அன்று வரவேண்டும். ஆனால் அது புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை! தீபாவளி ஐப்பசிக்கு உரியது. எனவே பண்டிகை அடுத்த அமாவாசையை ஒட்டி, நவம்பர் 8க்குச் செல்கிறது.

கன்னட மரபு இதையே வேறு விதமாகச் சரிசெய்கிறது. 2026 மே 17 அதிகாலை ஓர் அமாவாசை முடிகிறது. அடுத்தது ஜூன் 15 காலை. இவ்விரண்டுக்கும் இடையில் சூரியன் இராசி மாறவில்லை. மிதுனத்தில் அது நுழைவது ஜூன் 15 காலை அமாவாசை முடிந்த பிறகே. இராசி மாற்றம் இல்லாத அந்தச் சந்திர மாதத்தை ‘அதிக மாசம்’ என்று கூடுதலாகச் சேர்ப்பர். நமது சூரிய மாதக் கணக்கில் அப்படியொரு மாதம் இல்லை. ஆனாலும் இரு வழியும் ஒரே நவம்பரில் வந்து சேருகின்றன.

புதிய நாட்காட்டி கைக்கு வந்ததும் ஐப்பசித் தாளைப் புரட்டுங்கள். தேய்பிறைச் சதுர்த்தசி எந்த விடியலில் இருக்கிறது என்று பாருங்கள், அதுவே தீபாவளி. வெளிமாநிலக் கிளைக்குரிய காசோலையோ தவணையோ அவ்வாரத்தில் இருப்பின், அம்மாநில விடுமுறைப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.