காலையா, மாலையா? மட்டு எண்கணிதத்தில் நேர்மாறு

நானும் என் தோழியும் எங்களுக்கென ஓர் இரகசிய எழுத்து முறையை அமைத்தோம். 18 மெய்யெழுத்துக்களுக்கும் வரிசைப்படி இலக்கமிட்டோம். க் 1, ங் 2, ச் 3 என்று தொடங்கி ம் 10, ல் 13 எனச் சென்று ன் 18இல் முடியும். எழுத்தின் இலக்கத்தை 4ஆல் பெருக்கி, 18ஆல் வகுத்து, மீதிக்குரிய எழுத்தை எழுத வேண்டும். மீதி 0 என்றால் ன். உயிர்க்குறிகளையும் ஹ, ஜ போன்ற கிரந்த எழுத்துக்களையும் மாற்றுவதில்லை.

"காலை நூலகத்துக்கு வா" என்று அவளுக்கு எழுதியபோது, "காலை" என்ற சொல் "ஞாளை" ஆயிற்று. நான் காலையில் போய்க் காத்திருந்தேன். அவள் மாலையில் வந்தாள்! பிழை அவளுடையதன்று. "மாலை" என்று எழுதியிருந்தாலும் "ஞாளை" என்றுதான் வந்திருக்கும். ஏனெனில் க் 1 × 4 = 4. ம் 10 × 4 = 40, அதை 18ஆல் வகுக்க மீதி 4. இரண்டும் ஞ் ஆகிவிடுகின்றன.

மறைத்த எழுத்தை மீட்க, 4ஆல் பெருக்கியதை ஈடுசெய்யும் இன்னோர் எண் வேண்டும். அதாவது 4உடன் பெருக்கி 18ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அதுவே மட்டு 18இல் 4இன் நேர்மாறு. அப்படி ஓர் எண் x இருப்பதாகக் கொள்வோம். அப்போது

4x = 18k + 1

அதாவது 4x − 18k = 1. இடப்பக்கத்தில் 4உம் 18உம் 2ஆல் வகுபடுபவை. எனவே அவற்றின் மடங்குகளின் வித்தியாசமும் இரட்டை எண்ணே. வலப்பக்கத்தில் இருப்பதோ 1. இது ஒருபோதும் நடவாது. ஆகவே 4க்கு நேர்மாறு இல்லை. எண்ணுக்கும் மட்டுக்கும் 1ஐ விடப் பெரிய பொதுக் காரணி எதுவாக இருந்தாலும் இதே தடைதான். அந்தக் காரணி 1ஐயும் வகுக்க வேண்டிவரும்.

"அப்படியானால் ஒற்றை எண்ணை எடுத்தாற் போதும்" என்றாள் தோழி. 3ஐ எடுத்துப் பார்த்தோம். க், த், ல் மூன்றுமே ச் ஆகிவிட்டன. 3உம் 18இன் காரணிதான் என்பதை மறந்துவிட்டோம். பிறகு 5ஐ எடுத்தோம். "காலை" "டாயை" ஆனது, "மாலை" "வாயை" ஆனது. இப்போது குழப்பமில்லை.

ஆனால் 5 எல்லா எழுத்துக்கும் பொருந்தும் என்பது எப்படி உறுதி? இரண்டு வெவ்வேறு எழுத்துக்களின் இலக்கங்கள் p, q எனவும், அவை ஒரே மீதியைத் தருகின்றன எனவும் கொள்வோம். அப்போது 5(p − q) என்பது 18ஆல் வகுபட வேண்டும். 18 = 2 × 3 × 3. 5இல் 2உம் இல்லை, 3உம் இல்லை. ஆகவே அந்த மூன்று காரணிகளையும் p − q தனியே தர வேண்டும். அதாவது p − q என்பது 18ஆல் வகுபட வேண்டும். ஆனால் 1 முதல் 18 வரையுள்ள இரு வேறு எண்களின் வித்தியாசம் 17ஐத் தாண்டாது. எனவே இரு எழுத்துக்கள் மோதவே முடியாது. 18 எழுத்துக்களுக்கும் 18 வெவ்வேறு மீதிகள். இருப்பதோ 0 முதல் 17 வரை 18 மீதிகள் மட்டுமே. ஆகவே ஒன்றும் விடுபடாது, 1உம் எங்கோ வந்தே தீரும். அது வரும் இடமே நேர்மாறு.

4இல் நடந்ததும் இப்போது விளங்கும். 18க்கு வேண்டிய 2ஐ 4 தந்துவிடுகிறது. எனவே p − q = 9 ஆக இருந்தாலே மோதல். க் 1, ம் 10!

5இன் நேர்மாறைத் தேட, யூக்கிளிட்டின் முறைப்படி வகுத்துக்கொண்டே போகலாம்.

18 = 3 × 5 + 3
5 = 1 × 3 + 2
3 = 1 × 2 + 1

கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் பிரதியிட்டால் 1 = 2 × 18 − 7 × 5 என்று கிடைக்கும். −7உடன் 18ஐக் கூட்ட 11. சரிபார்த்தால் 5 × 11 = 55 = 3 × 18 + 1. "டாயை"யின் ட் 5. 5 × 11இன் மீதி 1, அது க். ய் 11. 11 × 11 = 121, மீதி 13, அது ல். "காலை" மீண்டுவிட்டது. இதே வகுத்தலை 4க்குச் செய்தால் 18 = 4 × 4 + 2, 4 = 2 × 2 + 0 என 2உடன் நின்றுவிடும். 1ஐ அடையாது.

பழைய 4ஐயே வைத்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. ஆய்த எழுத்தை 19ஆவதாகச் சேர்த்து, 19ஆல் வகுத்து, மீதி 0 வந்தால் ஃ என எழுதலாம். 19 முதன்மை எண். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அதனுடன் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை. 4 × 5 = 20 = 19 + 1 என்பதால் 4இன் நேர்மாறு 5. இப்போது "காலை" "ஞாவை", "மாலை" "ஙாவை". இம்முறையில் எழுதிய அடுத்த கடிதத்துக்குத் தோழி காலையிலேயே வந்துவிட்டாள்.